கைநாட்டு வாங்கிய இரவு: போஸ்டிங் முடிந்தபின் சுயபரிசீலனை அறிக்கை எழுதுவது எப்படி

மருத்துவமனை போஸ்டிங் முடித்துக் கல்லூரிக்குத் திரும்பும் நர்சிங் மாணவிகளிடம் நாங்கள் ஓர் அறிக்கை கேட்போம். வார்டில் நேர்ந்த ஓர் அறச்சிக்கலை எடுத்துக்கொண்டு, ஒரு சட்டகத்துக்குள் வைத்து, அதில் தன் பங்கு என்ன என்று எழுத வேண்டும். மாணவிகள் இதை 'ரிஃப்ளெக்‌ஷன்' என்பார்கள். முதன்முறை எழுதுகிறவர்கள் வழக்கமாக இரண்டு குழிகளில் ஒன்றில் விழுகிறார்கள். ஒன்று, மருத்துவமனையின் மீது புகார்க் கடிதம் எழுதிவிடுவது. இன்னொன்று, 'நான் பெரிய தவறு செய்துவிட்டேன்' என்று இரண்டு பக்கம் அழுதுவிட்டு, 'இனி கவனமாக இருப்பேன்' என்று முடித்துவிடுவது. இரண்டிலும் பரிசீலனை இருக்காது.

எப்படி எழுதுவது என்பதை என்னுடைய பழைய தவறு ஒன்றை வைத்தே சொல்கிறேன். ஆளையும் இடத்தையும் காட்டிக்கொடுக்கும் விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஏன் மாற்றினேன் என்பதும் பின்னால் வரும்.

நான் இரண்டாம் ஆண்டு மாணவி. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் அறுவை சிகிச்சை வார்டில் இரவுப் பணி. அறுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி. பக்கத்து ஊர்க்காரர், எழுதப் படிக்கத் தெரியாது. சர்க்கரை நோய் முற்றி, வலது காலின் இரண்டாம் விரல் கறுத்துவிட்டது. விரலை எடுக்க வேண்டும் என்று டாக்டர் மகனிடம் சொல்லியிருந்தார். மகன் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "அம்மாவிடம் சொல்லாதீர்கள், பயந்துவிடுவார்" என்றார். காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். இரவு பத்து மணிவாக்கில் சிஸ்டர் என்னிடம் படிவத்தையும் மை பேடையும் கொடுத்து, பாட்டியிடம் கைரேகை வாங்கி வரச் சொன்னார்.

பாட்டி கையை நீட்டியபடியே கேட்டார்: "எதற்குத் தாயி இந்த ரேகை?"

"ஒன்றுமில்லை பாட்டி, காலைச் சுத்தம் செய்வதற்கு" என்றேன். இடது பெருவிரலைப் பிடித்து மையில் ஒற்றி, படிவத்தில் வைத்தேன். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அவர் விரலைத் துடைத்தும் விட்டேன்.

மூன்றாம் நாள் கட்டுப் பிரித்தபோது பாட்டி காலைப் பார்த்தார். என் பக்கம் திரும்பி, "கழுவுவதாகத்தானே சொன்னாய்?" என்று மட்டும் கேட்டார். சத்தம் போடவில்லை.

எந்தச் சம்பவத்தை எடுப்பது

செய்தித்தாளில் வரும் அளவுக்குப் பெரிய சம்பவத்தைத் தேடாதீர்கள். அதில் உங்கள் கை பட்டிருக்காது. ஓரமாக நின்று பார்த்திருப்பீர்கள். பார்த்ததை எழுதினால் அது தீர்ப்பாகத்தான் முடியும். நீங்களே ஏதோ ஒன்றைச் சொன்ன, செய்த, அல்லது செய்யாமல் விட்ட கணம் வேண்டும். மேலே உள்ள கதையில் அந்தக் கணம் அரை நிமிடம்கூட இல்லை: பாட்டி கேட்டதற்கும் நான் பதில் சொன்னதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் அது. அறிக்கை முழுவதும் அந்த இடைவெளியைச் சுற்றித்தான் நடக்க வேண்டும்.

தேர்ந்தெடுத்தது சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. எதிர்த்தரப்பில் இருந்தவர் செய்ததற்கும் ஒரு நல்ல காரணம் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். மகன் அம்மாவின் பயத்தை நினைத்தார். டாக்டர் கறுப்பு பரவுவதை நினைத்தார். இரண்டும் நல்ல எண்ணங்கள்தான். நல்லதும் நல்லதும் மோதும்போதுதான் அது அறச்சிக்கல். நோயாளியின் பணத்தை ஒருவர் திருடினார் என்றால் அதில் சிக்கல் ஒன்றுமில்லை, அது திருட்டு. அன்றைக்கே பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டியது, அறிக்கைக்கு உரியதல்ல. நோயாளிக்குக் கேடு இன்னும் தொடர்கிறது என்றாலும் அப்படியே. மதிப்பெண்ணுக்கு எழுதும் தாளில் அதை முதன்முறையாகச் சொல்லக் கூடாது.

அன்றிரவே குறிப்பு

பணி முடிந்து ஹாஸ்டலுக்கு வந்ததும், குளிப்பதற்கு முன்பே, ஒரு பக்கம் எழுதிவிடுங்கள். யார் என்ன சொன்னார்கள் என்பதைச் சொன்ன சொல் மாறாமல் எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து எழுதினால், 'பாட்டிக்கு விளக்கம் அளித்து ரேகை பெற்றேன்' என்று மனம் தானாகவே திருத்தி வைத்திருக்கும். 'சுத்தம் செய்வதற்கு' என்ற சொல் என் நோட்டில் இருந்ததால்தான் பிற்பாடு என்னால் தப்பிக்க முடியவில்லை.

கேஸ் ஷீட்டைப் போனில் படம் எடுக்காதீர்கள்; படிவத்தின் நகலையும் வார்டை விட்டு வெளியே கொண்டுவராதீர்கள். குறிப்பிலும் பெயர் வேண்டாம், 'பாட்டி' என்றாலே போதும்.

பெயரை எடுத்துவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்று நினைப்பது நம் ஊரில் செல்லாது. 'உசிலம்பட்டிப் பக்கத்து ஊர், கோயில் பூசாரியின் மனைவி, அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள் அட்மிட் ஆனவர்' என்று ஒரு மாணவி எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள். பெயர் இல்லை. ஆனால் அந்த வார்டில் வேலை பார்த்த எவருக்கும் ஆள் யார் என்று தெரிந்துவிடும். தேதிகூடத் தெரிந்துவிடும், மதுரையில் அதற்குக் காலண்டர் வேண்டாம். ஊரை 'பக்கத்து ஊர்' ஆக்குங்கள், திருவிழாவை எடுத்துவிடுங்கள், தொழில் சிக்கலுக்குத் தேவையில்லை என்றால் அதையும் எடுத்துவிடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாது என்பதை மட்டும் எடுக்க முடியாது, சிக்கலே அதில்தான் இருக்கிறது. எந்த விவரம் இல்லாவிட்டாலும் வாதம் நிற்கிறதோ அந்த விவரம் தாளில் இருக்க வேண்டியதில்லை.

ஆறு படிகளும் அவற்றின் அளவும்

எங்கள் மாணவிகள் பெரும்பாலும் கிப்ஸ் சுழற்சியைப் பயன்படுத்துகிறார்கள். கிரஹாம் கிப்ஸ் என்பவர் 1988-ல் வகுத்தது. அவர் உயர்கல்வியில் கற்பித்தல் முறைகளைப் பற்றி எழுதியவர். செவிலியர்கள் அதைத் தங்களுக்கு எடுத்துக்கொண்டார்கள். படிகள் ஆறு: நடந்தது என்ன, உணர்ந்தது என்ன, எது நன்றாக அமைந்தது எது அமையவில்லை, ஏன் அப்படி ஆனது, வேறென்ன செய்திருக்கலாம், அடுத்த முறை என்ன செய்வேன்.

அறிக்கை 1500 சொல் என்றால், முதல் படிக்கு 250-க்கு மேல் தராதீர்கள். உணர்வுக்கு 150, மதிப்பீட்டுக்கு 200, 'ஏன்' என்ற ஆய்வுக்கு 550, மாற்று வழிக்கு 150, செயல்திட்டத்துக்கு 200. இது என் கணக்குதான், சட்டம் அல்ல. உங்கள் கல்லூரி மதிப்பெண் அட்டவணை கொடுத்திருந்தால் அதைப் பின்பற்றுங்கள். ஆனால் எழுதி முடித்தபின் சொற்களை எண்ணிப் பாருங்கள். பாதித் தாளை நடந்த கதையே தின்றிருந்தால், அந்த அறிக்கை இன்னும் தொடங்கவே இல்லை.

நடந்தது: வினைச்சொல்லைப் பாருங்கள்

'நோயாளியிடமிருந்து ரேகை பெறப்பட்டது. அவருக்கு முழு விவரம் தெரிவிக்கப்படவில்லை.' என் முதல் வரைவு இப்படித்தான் இருந்தது. இலக்கணத்தில் பிழை இல்லை, ஆனால் ஆள் இல்லை. யார் பெற்றது? யார் தெரிவிக்கவில்லை? 'பட்டது' என்ற சொல் வரும் இடங்களையெல்லாம் அடிக்கோடிடுங்கள். அவற்றில் எந்தெந்த வேலையை நீங்கள் செய்தீர்களோ, அதை 'நான்' போட்டு மாற்றுங்கள். 'நான் பாட்டியின் விரலைப் பிடித்து ரேகை வைத்தேன். எதற்கு என்று கேட்டார். காலைச் சுத்தம் செய்வதற்கு என்று பொய் சொன்னேன்.' அந்தப் 'பொய்' என்ற சொல்லை எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

கல்லூரி ஆங்கிலத்தில் கேட்டாலும் முதல் வரைவைத் தமிழிலேயே எழுதுங்கள். பாட்டி பேசியது தமிழில்தான். ஆங்கிலத்தில் நேராக எழுதினால் பாடப்புத்தகச் சொற்கள் முந்திக்கொண்டு வந்துவிடும்.

உணர்வு: அப்போதையதா, இப்போதையதா

இந்தப் படியில் எல்லோரும் எழுதுவது 'மிகவும் வருத்தமாக இருந்தது'. எப்போது? எனக்கு வருத்தம் வந்தது மூன்றாம் நாள், கட்டுப் பிரித்தபோது. ரேகை வாங்கிய இரவில் எனக்கு இருந்தது நிம்மதி. சிஸ்டர் சொன்ன வேலையைச் சுணக்கமில்லாமல் முடித்துவிட்டேன், பாட்டியும் அழவில்லை. இதை ஒப்புக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. ஆனால் அந்த நிம்மதிதான் முக்கியமான துப்பு: பொய் சொன்னால் வார்டில் வேலை எளிதாக முடிகிறது என்பதை அது காட்டுகிறது. பின்னால் வந்த வருத்தத்தை முன்னால் கொண்டுபோய் ஒட்டினால் இந்தத் துப்பு மறைந்துவிடும். 'அன்றிரவு', 'மூன்றாம் நாள்', 'இதை எழுதும்போது' என்று மூன்று வரிகளாகப் பிரித்து எழுதுங்கள்.

மதிப்பீடு

நன்றாக அமைந்ததையும் நேர்மையாகச் சொல்லுங்கள். ஆபரேஷன் குறித்த நேரத்தில் நடந்தது. கறுப்பு மேலே ஏறவில்லை. பாட்டி அன்றிரவு தூங்கினார். அமையாதது: தன் உடலிலிருந்து என்ன போகப்போகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாளுக்குப் பிறகு யார் ஊசி கொண்டுவந்தாலும் மகன் வந்து பார்த்த பின்தான் கையை நீட்டினார். இங்கே காரணம் சொல்லத் தொடங்காதீர்கள். யாருக்கு என்ன ஆயிற்று என்பதோடு நிறுத்துங்கள்.

ஏன்: இங்கேதான் உட்கார வேண்டும்

கிப்ஸ் சுழற்சியில் ஒரு குறை உண்டு. அது 'ஏன்' என்று கேட்கும்; 'சரியா' என்று கேட்பதற்கான அளவுகோலைத் தராது. அதனால் அறச்சிக்கலை எழுதும்போது ஆய்வுப் படிக்குள் ஓர் அளவுகோலை நீங்களே கொண்டுவர வேண்டும். பீச்சம், சில்ட்ரஸ் இருவரும் 1979-ல் முன்வைத்த நான்கு கொள்கைகள் பழக்கமானவை: நோயாளி தானே முடிவெடுக்கும் உரிமை, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி. நான்கின் விளக்கத்தையும் பாடப்புத்தகத்திலிருந்து இறக்கிவைக்காதீர்கள். உங்கள் சம்பவத்தில் எது எதோடு மோதியது என்பதை மட்டும் எழுதுங்கள்.

பாட்டியின் விஷயத்தில் மகனும் டாக்டரும் நன்மை, தீங்கின்மை இரண்டின் பக்கம் நின்றார்கள். தெரிந்தால் மறுத்துவிடுவார், மறுத்தால் காலே போகலாம். இது பொய்யான பயம் அல்ல. ஆனால் அவர் மறுப்பார் என்று எப்படித் தெரியும்? யாரும் அவரிடம் கேட்கவே இல்லை. நினைவு தெளிவாக உள்ள ஒருவரின் முடிவை, அவர் என்ன சொல்வார் என்ற ஊகத்தை வைத்து மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு பத்தி எழுதலாம். 2008 ஜனவரியில் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பேசியது. மயக்கத்தில் இருந்த பெண்ணின் கருப்பையையும் சினைப்பைகளையும் தாயிடம் மட்டும் சம்மதம் பெற்று எடுத்துவிட்டார்கள். நோயாளி முடிவெடுக்கும் திறனுள்ள வயதுவந்தவர். அவசரமாக உயிரைக் காக்க வேண்டிய நிலையும் இல்லை. எனவே தாயின் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். என்ன சிகிச்சை, எதற்கு, என்ன பலன், வேறு வழி உண்டா, பெரிய ஆபத்துகள் என்ன, மறுத்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் நோயாளிக்குப் போதுமான அளவு சொல்லியிருக்க வேண்டும் என்றும் சொன்னது. அப்படியானால் எங்கள் படிவத்தில் மகனின் கையெழுத்துக்கும் மதிப்பில்லை. விவரம் சொல்லாமல் வாங்கிய ரேகையும் வெறும் மைதான். செவிலியர்களுக்கான நெறிமுறையில் இந்திய நர்சிங் கவுன்சிலும், நோயாளி விவரமறிந்து முடிவெடுக்க உதவ வேண்டும் என்கிறது. சட்டத்தை ஒரு பத்தியோடு விடுங்கள். தீர்ப்பைப் பக்கம் பக்கமாக எழுதினால் நீங்கள் மறுபடியும் தாளிலிருந்து காணாமல் போய்விடுவீர்கள்.

நீதி என்ற நான்காம் கொள்கையைப் பலர் 'இதில் பொருந்தாது' என்று தாண்டிவிடுகிறார்கள். நானும் தாண்டினேன். என் ஆசிரியை ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதியிருந்தார்: 'அந்தக் கட்டிலில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை படுத்திருந்தால்?' படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. தலைமை ஆசிரியை அதை வாங்கிப் படித்திருப்பார். 'சுத்தம் செய்வதற்கு' என்று அவரிடம் சொல்ல எனக்குத் துணிவு வந்திருக்காது. டாக்டரும் அவரிடமே நேரில் பேசியிருப்பார். அப்படியென்றால் பாட்டி பயப்படுவார் என்பது மட்டும் காரணமில்லை. அவரிடம் பேசாமலே வேலை நடக்கும் என்பதும் ஒரு காரணம். கட்டிலில் ஆளை மாற்றிப் பார்க்கும் இந்தச் சோதனையை உங்கள் சம்பவத்திலும் செய்து பாருங்கள். நீதி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியும்.

அடுத்து, கட்டிலருகே நின்ற ஆளை மாற்றுங்கள். எனக்குப் பதில் என் தோழி நின்றிருந்தால்? அவளும் அதையே சொல்லியிருப்பாள். அப்படியென்றால் 'நான் கோழை' என்பது விடை ஆகாது. வார்டின் ஏற்பாட்டிலேயே ஏதோ இருக்கிறது. சம்மதம் வாங்குவது அங்கே தாள் வேலையாக மாறியிருந்தது: காலையில் ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் ஃபைலில் படிவம் இருக்க வேண்டும், அதில் ரேகை இருக்க வேண்டும், அவ்வளவே. சிகிச்சையை விளக்க வேண்டியவர் அதைச் செய்யும் டாக்டர். அருகில் நிற்கும் செவிலியர் சாட்சி. அந்த இரண்டு வேலைகளும் கைமாறிக் கைமாறி, வார்டிலேயே மிகக் கீழே நிற்கும் மாணவியின் கையில் மை பேடாக வந்து சேர்ந்தது. 'சுத்தம் செய்வது' என்ற சொல்லும் என் சொந்தச் சொல் அல்ல. சீனியர்கள் பேசக் கேட்டுப் பழகியது.

ஏற்பாட்டைச் சொல்வது உங்கள் பங்கைக் கழுவிக்கொள்வதற்காக அல்ல. ஆகவே ஆய்வின் கடைசியில் ஒரு வரி திரும்ப உங்களிடம் வர வேண்டும். என்னுடையது இப்படி இருந்தது: 'எனக்குத் தெரியாமல் நடந்ததல்ல, விரலை எடுக்கப்போகிறார்கள் என்பது தெரிந்தும், கேட்டவரிடம் வேறொன்றைச் சொன்னேன்.'

வேறென்ன செய்திருக்கலாம்

வீரக் கதைகளை முதலில் வெட்டி எறியுங்கள். 'டாக்டரிடம் நேராகச் சென்று தட்டிக் கேட்டிருப்பேன்' என்று எழுதும் இரண்டாம் ஆண்டு மாணவியை எந்த ஆசிரியையும் நம்ப மாட்டார். அன்றைக்கு உங்களுக்கு இருந்த அறிவையும் நிலையையும் வைத்து, செய்யக்கூடியதாக இருந்த மிகச் சிறிய செயலைத் தேடுங்கள். எனக்குக் கிடைத்தது ஒரு வாக்கியம்: "எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை பாட்டி, கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன்." இதில் பொய் இல்லை. மகனின் கோரிக்கையை நானாக மீறவும் இல்லை. மை பேடோடு திரும்பிப் போய் சிஸ்டரிடம் நின்றிருப்பேன், விஷயம் பேச வேண்டியவர்களிடம் போயிருக்கும்.

அது பலிக்காமல் போயிருக்கவும் கூடும் என்பதையும் எழுதுங்கள். சிஸ்டர் திட்டி அனுப்பியிருக்கலாம். பாட்டி உண்மையிலேயே மறுத்திருக்கலாம். மறுக்க அவருக்கு உரிமை உண்டு, அதன் விளைவு கடுமையாகவும் இருந்திருக்கலாம். இந்த இடத்தில் தடுமாற்றம் தெரிந்தால் மதிப்பெண் குறையாது. எல்லாம் சுபமாக முடியும் மாற்று வழியைத்தான் ஆசிரியர்கள் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

செயல்திட்டம்

'இனி நோயாளியின் உரிமையை மதித்து நடப்பேன்' என்பது திட்டமல்ல. நீங்கள் செய்தீர்களா இல்லையா என்று இன்னொருவர் சரிபார்க்க முடிய வேண்டும். நான் மூன்று வரிகள் எழுதினேன்.

முதலாவது நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்வி: "உங்களுக்கு என்ன ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னார் பாட்டி? உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்." 'புரிந்ததா' என்று கேட்டால் நம் ஊர்ப் பெரியவர்கள் தலையாட்டிவிடுவார்கள், அது மரியாதைக்கான தலையாட்டல், சம்மதம் அல்ல. இரண்டாவது மேலே இருப்பவரிடம் சொல்ல வேண்டியது: "சிஸ்டர், விரல் எடுப்பது பாட்டிக்குத் தெரியாது போலிருக்கிறது. டாக்டர் வந்து பேசியபின் ரேகை வாங்கட்டுமா?" குற்றம் சாட்டவில்லை, அனுமதிதான் கேட்கிறது, மாணவியின் வாயிலிருந்து வரக்கூடிய வாக்கியம். இதைத் தோழியை சிஸ்டராக நிற்கவைத்துப் பத்து முறை சொல்லிப் பழகினேன், ஏனென்றால் இரவு பத்து மணிக்கு நாக்கு புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்காது. மூன்றாவது, நாள் குறித்து வைத்த ஒரு வேலை: அடுத்த போஸ்டிங்கின் இரண்டாம் வார முடிவில், சம்மதம் வாங்கும்போது எத்தனை முறை உடன் நின்றேன், எத்தனை முறை அந்தக் கேள்வியைக் கேட்டேன் என்று ஆசிரியையிடம் நோட்டைக் காட்ட வேண்டும்.

கொடுப்பதற்கு முன்

தாளை யார் யார் படிப்பார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சில கல்லூரிகளில் மருத்துவமனைப் பொறுப்பாளரும் படிப்பார். சம்பவம் இன்னும் விசாரணையில் இருந்தாலோ, குடும்பம் புகார் கொடுத்திருந்தாலோ, எழுதுவதற்கு முன்பே ஆசிரியையிடம் பேசி வேறு சம்பவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு போஸ்டிங்கில் உங்களோடு இல்லாத ஒரு தோழியிடம் தாளைக் கொடுத்து, எந்த மருத்துவமனை, எந்த வார்டு என்று ஊகிக்கச் சொல்லுங்கள். உங்களோடு அதே வார்டில் இருந்த ஒருத்தியிடமும் கொடுத்து, எந்த நோயாளி என்று கேளுங்கள். இரண்டாமவள் சொல்லிவிட்டால் இன்னும் ஒரு விவரத்தை மாற்ற வேண்டும். நான் அறிக்கையைக் கொடுத்த பிறகு, அன்றிரவு குறிப்பு எழுதிய பக்கத்தை நோட்டிலிருந்து கிழித்து, ஹாஸ்டல் பின்புறத்தில் எரித்துவிட்டேன்.